பொருளாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்: கணக்கை எப்படி ஒப்படைப்பது?

மணிப்புறா | ஜனவரி 18

எங்கள் சங்கத்துக்குப் பல ஆண்டுகளாக நான்தான் பொருளாளர். சம்பளம் கிடையாது, தன்னார்வப் பொறுப்பு. உறுப்பினர்கள் நூற்றுச் சொச்சம் பேர். சந்தா, நன்கொடை, நிகழ்ச்சிச் செலவு, இவ்வளவுதான் கணக்கு. மார்ச் மாதப் பொதுக்கூட்டத்தோடு விலகிக்கொள்கிறேன் என்று தலைவரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டேன். யாரோடும் மனத்தாங்கல் இல்லை. வீட்டில் என் நேரம் அதிகம் தேவைப்படுகிறது.

கடிதம் எழுத உட்கார்ந்தால் இரண்டு பக்கம் போகிறது. நன்றி சொல்ல ஆரம்பித்து, நிலுவைகளை விளக்கி, அடுத்து வருபவருக்கு அறிவுரையும் சொல்லி, எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. நடைமுறையில் ஒப்படைப்பு என்றால் என்னென்ன செய்ய வேண்டும்? நான் போன பிறகு "அந்தப் பணம் என்ன ஆச்சு?" என்று யாரும் கேட்டு, புதியவர் பதில் தெரியாமல் நிற்கக் கூடாது. எனக்கு அதுதான் முக்கியம்.

செயல்வீரன் | ஜனவரி 18

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? ராஜினாமாக் கடிதம் கொடுத்த நாளோடு உங்கள் பொறுப்பு முடிந்தது. பாஸ்புக், செக்புக், ரசீதுப் புத்தகம் மூன்றையும் தலைவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கையெழுத்து இருக்கும்வரை யாரும் உங்களை எதுவும் கேட்க முடியாது.

பேரேடு | ஜனவரி 19

கையெழுத்து வாங்கச் சொன்னது சரி. மற்ற இரண்டும் பாதிதான் சரி. நான் பல சிறு சங்கங்களுக்குச் சம்பளமில்லாமல் கணக்குத் தணிக்கை செய்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில், கடிதம் கொடுத்த நாளோடு பொறுப்பு முடியுமா என்பது உங்கள் சங்க விதிமுறையைப் பொறுத்தது. சிலவற்றில் கடிதம் செயலாளர் கைக்குப் போனதுமே செல்லும். சிலவற்றில் செயற்குழு ஏற்றுக்கொண்டு தீர்மானம் போட வேண்டும். இன்னும் சிலவற்றில் அடுத்தவர் தேர்வாகும்வரை பழையவரே தொடர வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். எழுதுவதற்கு முன் அந்தப் பக்கத்தை எடுத்துப் படியுங்கள்.

இரண்டாவது, வங்கிக்கு உங்கள் ராஜினாமா தெரியாது. எழுத்தில் போய்ச் சேரும்வரை உங்கள் கையெழுத்துப் போட்ட காசோலையை அவர்கள் பணமாக்கிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே சங்கத்தைப் பொறுத்தவரை நீங்கள் விலகிய நாள் ஒன்று, வங்கியைப் பொறுத்தவரை விலகிய நாள் வேறொன்று. தகராறுகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் முளைக்கின்றன.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பாஸ்புக்கைக் கொடுப்பதால் கணக்கைக் கொடுத்ததாக ஆகாது. ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசி நாளாக இருந்தால் வசதி, வங்கி அறிக்கையும் அதே நாளில் முடியும். அந்த நாள்வரை எல்லாம் உங்களுடையது. மறுநாளிலிருந்து புதிய பக்கம். அந்த நாளில் ரொக்கப் புத்தகம் சொல்லும் இருப்பும் வங்கி சொல்லும் இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று ஒரு தாளில் விளக்கி, நீங்களும் புதியவரும் கையெழுத்துப் போடுங்கள். செயல்வீரன் சொல்லும் கையெழுத்து இந்தத் தாளின் அடியில் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. "மூன்று புத்தகம் பெற்றுக்கொண்டேன்" என்பதன் அடியில் இருந்தால் மூன்று புத்தகத்துக்குத்தான் அது சாட்சி.

கிழக்குக்காற்று | ஜனவரி 19

மணிப்புறா, உங்கள் நிலைமை எனக்கு நன்றாகப் புரிகிறது. இப்படித்தான் என்னையும் ஒதுக்கினார்கள். எங்கள் நாடகக் குழுவில் நான் செயலாளராக இருந்தேன். ஒரு கூட்டத்தில் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு கேள்விமேல் கேள்வி. அன்றைக்கே எழுந்து வந்துவிட்டேன். குழுவின் மின்னஞ்சல் என் தொலைபேசி எண்ணில்தான் பதிவாகியிருந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் அவர்களுக்கே அது உறைத்தது. விட்டுக்கொடுக்காதீர்கள், பொதுக்கூட்டத்தில் எழுந்து உங்கள் பக்க நியாயத்தைச் சொல்லுங்கள்.

மணிப்புறா | ஜனவரி 20

கிழக்குக்காற்று, உங்களுக்கு நடந்தது வருத்தமான விஷயம். ஆனால் என்னை யாரும் ஒதுக்கவில்லை. இவர்களோடு நல்லபடியாக இருந்து, நல்லபடியாகவே விலக விரும்புகிறேன். மின்னஞ்சல் விஷயத்தை நீங்கள் சொன்னது உதவி. எங்கள் இணைய வங்கிக்கும் ஓடிபி என் சொந்த எண்ணுக்குத்தான் வருகிறது. அதைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

பேரேடு ஐயா, விதிமுறையைப் பார்த்துவிட்டேன். கடிதத்தைச் செயலாளருக்குக் கொடுக்க வேண்டும், செயற்குழு ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து செல்லும். செயற்குழு பிப்ரவரி முதல் வாரம் கூடுகிறது. கணக்கை முடிக்கும் தேதியாக பிப்ரவரி 28-ஐ வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பொதுக்கூட்டம் மார்ச் நடுவில்.

பேரேடு | ஜனவரி 20

நல்ல இடைவெளி. கடிதத்தில் "பொதுக்கூட்டம் முடியும் நாளோடு விலகுகிறேன்" என்று தேதியைப் போட்டே எழுதுங்கள். தேதியில்லாமல் எழுதினால் ஏற்றுக்கொண்ட நாளிலேயே பொருளாளர் இல்லாத சங்கமாகிவிடும், அப்புறம் மார்ச் மாதக் காசோலையில் யார் கையெழுத்துப் போடுவது? நன்றியை ஒரு வரியில் முடியுங்கள். நிலுவை விவரம் எதுவும் கடிதத்தில் வேண்டாம். அது கோப்பில் நிலைக்கிற கடிதம், கணக்கு அதில் இருக்கக் கூடாது. கணக்குக்கு ஒரு தாள், நன்றிக்கு வேறொரு நேரம்.

புதுப்பொறுப்பு | ஜனவரி 22

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுகிறேன். போன ஆண்டு ஒரு சங்கத்தில் பொருளாளர் பொறுப்பை வாங்கினேன். எனக்கு முன்னால் இருந்தவர் மிகவும் நேர்மையானவர், பணத்தில் ஒரு காசு குறையவில்லை. ஆனால் என்னிடம் வந்தது இரண்டு துணிப்பை நிறையத் தாள்கள். முதல் மாதத்திலேயே ஒரு பெரியவர் வந்து, "பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க ஒரு தொகை கொடுத்தேனே, எப்போது கொடுக்கப்போகிறீர்கள்?" என்று கேட்டார். புத்தகத்தைப் புரட்டினேன். பணம் வந்த பதிவு இருக்கிறது, "நன்கொடை" என்று மட்டும். எதற்காக என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அதற்குள் அந்தப் பணம் மண்டப முன்பணத்தில் கரைந்துவிட்டிருந்தது. முன்னவரைக் கூப்பிட்டுக் கேட்டால், "ஆமாம், பரிசுக்குத்தான், எனக்கு நினைவிருக்கிறது" என்கிறார். அவர் நினைவில் இருந்தது, புத்தகத்தில் இல்லை.

மணிப்புறா, உங்கள் நினைவில் மட்டும் இருப்பதை எழுதிக் கொடுங்கள். புத்தகத்தில் இருப்பதை நாங்களே படித்துக்கொள்வோம்.

மணிப்புறா | ஜனவரி 24

புதுப்பொறுப்பு எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு மாலை உட்கார்ந்து, எனக்கு மட்டுமே தெரிந்தவற்றை எழுதிப் பார்த்தேன். நான் எதிர்பார்த்ததைவிட நீளம். தொகைகளை மாற்றிப் போடுகிறேன், கணக்கு புரிந்தால் போதும்.

நூல் வாங்க என்றே ஒருவர் கொடுத்த 15,000 இருக்கிறது. இதுவரை தொடவில்லை, வேறு எதற்கும் தொடவும் கூடாது. எட்டு உறுப்பினர்கள் அடுத்த ஆண்டுச் சந்தாவையும் சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். பட்டியலில் அவர்கள் பெயர் இல்லையென்று ஏப்ரலில் யாராவது மறுபடி கேட்டால் அவர்களுக்குச் சங்கடம். ஒலிபெருக்கி வாடகைக்காரர் எப்போதும் நிகழ்ச்சி முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் பில் அனுப்புவார். பில் வரவில்லை என்பதால் பாக்கி இல்லை என்று புதியவர் நினைத்துவிடக் கூடாது. அப்புறம் என் கைக்காசைப் போட்டு வாங்கிய அச்சுமையும் தபால்தலையும். அதை நான் கேட்கப் போவதில்லை.

பேரேடு | ஜனவரி 24

கடைசி வரியில் எனக்கு உடன்பாடில்லை. வாங்கிக்கொள்ள மனமில்லை என்றால் வவுச்சர் போட்டுப் பணத்தை வாங்கி, அதே தொகையை நன்கொடையாகக் கட்டி ரசீது போடுங்கள். உங்கள் கைக்காசு கணக்கில் வராமல் போனால் அச்சுமைக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்பது அடுத்தவருக்குத் தெரியாது. அவர் வந்ததும் செலவு திடீரென்று ஏறியதுபோல் தெரியும், பழி அவர்மேல் விழும். உங்கள் தாராளத்துக்கு அவர் விலை கொடுக்க வேண்டாம்.

15,000 பற்றி எழுதியது மிகச் சரி. ஒப்படைப்புத் தாளில் இருப்புத் தொகைக்குக் கீழேயே "இதில் இவ்வளவு குறிப்பிட்ட நோக்கத்துக்கானது" என்று பிரித்துக் காட்டுங்கள்.

மணிப்புறா | ஜனவரி 25

இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. அப்படியே செய்கிறேன்.

மணிப்புறா | பிப்ரவரி 6

செயற்குழு கூடியது. கடிதம் ஏழு வரிதான்:

"செயலாளர் அவர்களுக்கு, வணக்கம். சங்கத்தின் பொருளாளர் பொறுப்பிலிருந்து, வரும் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடியும் நாளோடு விலகிக்கொள்ள விரும்புகிறேன். பிப்ரவரி 28 வரையிலான கணக்கை முடித்து, ஒத்துப்பார்த்து, புதிய பொருளாளரிடம் எழுத்து மூலம் ஒப்படைக்கிறேன். வங்கியில் கையெழுத்து அதிகாரத்தை மாற்றுவதற்கான தீர்மானத்தை அதே பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றித் தரக் கேட்டுக்கொள்கிறேன். என்மேல் நம்பிக்கை வைத்துப் பணத்தை ஒப்படைத்த உறுப்பினர்கள் அனைவருக்கும் என் நன்றி. இக்கடிதத்தைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யவும்."

ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த பொருளாளராக ஓர் இளைஞர் முன்வந்திருக்கிறார். பொதுக்கூட்டத்தில் போட்டி இருக்காது போலிருக்கிறது. பிப்ரவரி முழுக்க அவர் என்னோடு வந்து உட்காரச் சம்மதித்துவிட்டார்.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. கூட்டம் முடிந்ததும் தலைவர் தனியாகக் கூப்பிட்டார். "வங்கியில் பெயர் மாற்ற வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அவசரத்துக்கு நாலைந்து காசோலையில் வெறுமனே கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போங்களேன்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். பொதுக்கூட்டத்துக்குள் சொல்கிறேன் என்று நழுவி வந்துவிட்டேன்.

செயல்வீரன் | பிப்ரவரி 6

போட்டுக் கொடுங்கள். இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்ற விதி இருக்குமல்லவா? உங்கள் கையெழுத்து மட்டும் இருந்தால் யாரும் பணம் எடுக்க முடியாது.

பேரேடு | பிப்ரவரி 6

வேண்டாம். ஒரு தாளிலும் வேண்டாம்.

இரண்டு கையெழுத்து என்பது இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒப்புக்கொள்வதற்காக. ஒருவர் முன்கூட்டியே போட்டுவிட்டால் மிச்சம் இருப்பது ஒரே ஒருவரின் முடிவு. அந்தத் தாள் மேசை இழுப்பறையிலிருந்து காணாமல் போனாலும், தவறான தொகை எழுதப்பட்டாலும், பதில் சொல்ல வேண்டியவர் பொறுப்பிலேயே இல்லாத மணிப்புறா. தலைவர் எவ்வளவு நல்லவர் என்பது இதில் கேள்வியே இல்லை.

அவர் கவலை நியாயமானது, அதற்கு வழி வேறு. பொதுக்கூட்டத்துக்கு முன்பே வங்கிக் கிளைக்குப் போய் என்னென்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் தீர்மானத்தின் நகல், அவர்கள் படிவம், புதியவரின் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, மாதிரிக் கையெழுத்து, தொடர்ந்து இருக்கும் கையெழுத்தாளர்களின் ஒப்பம். பொதுக்கூட்டத்தன்றே தீர்மானத்தில் கையெழுத்தாகிவிட்டால் மறுநாளே கொடுத்துவிடலாம். உங்கள் பெயரை நீக்குவதும் புதியவரைச் சேர்ப்பதும் ஒரே விண்ணப்பத்தில் போக வேண்டும். முதலில் நீக்கிவிட்டுச் சேர்ப்பது தாமதமானால், கணக்கில் பணம் இருந்தும் எடுக்க ஆளில்லை என்ற நிலை வரும்.

மணிப்புறா | பிப்ரவரி 9

தலைவரிடம் நேரிலேயே பேசிவிட்டேன். "புதியவர் பெயர் ஏறும்வரை நான் எங்கேயும் போகவில்லை. செயற்குழு ஒப்புக்கொண்ட பில்லைக் கொண்டுவாருங்கள், அதைப் பார்த்து அந்தந்தக் காசோலையில் கையெழுத்துப் போடுகிறேன்" என்றேன். உடனே சரி என்றார். மார்ச்சில் வரக்கூடிய செலவு என்று பார்த்தால் மண்டப வாடகை ஒன்றுதான். அதை பிப்ரவரியிலேயே கொடுத்துவிடலாம் என்றும் பேசிக்கொண்டோம்.

கிழக்குக்காற்று | பிப்ரவரி 10

நாடகக் குழு மின்னஞ்சலை அவர்களிடம் கொடுத்துவிட்டேன். இங்கே நடக்கும் பேச்சைப் படித்துக்கொண்டிருந்தேன், அப்புறம் அவர்களுக்கு நானே எழுதினேன். அவ்வளவுதான்.

மணிப்புறா | மார்ச் 2

கணக்கு முடிக்கும் நாள் வந்தது. இதை விரிவாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும். நானும் புதியவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். நான் வாயைத் திறக்காமல் இருக்க, அவரே எல்லாவற்றையும் கூட்டிக் கழிக்க வேண்டும் என்று ஏற்பாடு.

பிப்ரவரி 28 அன்று வங்கி அறிக்கையில் இருப்பு 84,600. நாங்கள் கொடுத்து இன்னும் வங்கிக்கு வராத காசோலைகள் இரண்டு: மண்டப வாடகை 6,500, அச்சகத்துக்கு 2,100. ஆக 8,600-ஐக் கழித்தால் 76,000. 28-ஆம் தேதி மாலை நாங்கள் போட்ட சந்தாப் பணம் 3,000 வங்கியில் மார்ச் 1 தேதியிட்டு ஏறியிருக்கிறது. அதைக் கூட்டினால் 79,000. ரொக்கப் புத்தகத்தின் வங்கிப் பத்தியில் இருப்பது 79,240.

240 இடிக்கிறது. அவர் முகம் வாடிவிட்டது. இப்படிப்பட்ட வித்தியாசத்தை வங்கி அறிக்கையில்தான் முதலில் தேட வேண்டும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அவரே கண்டுபிடித்தால் மறக்காது என்று விட்டுவிட்டேன். இப்போது வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்.

செயல்வீரன் | மார்ச் 2

எண்களை மாற்றி எழுதியிருப்பீர்கள். 37 என்பதை 73 என்று எழுதுவது சகஜம். எனக்கு எப்போதும் அதுதான் நடக்கும். எல்லா வவுச்சரையும் முதலிலிருந்து சரிபாருங்கள்.

பேரேடு | மார்ச் 3

முழுக்கச் சரிபார்ப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி எழுதினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் மீதியின்றி வகுபடும். செயல்வீரன் சொன்ன 73-லிருந்து 37-ஐக் கழித்தால் 36. இங்கே 240-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி வருகிறது. ஆகவே அந்த ஒரு பிழை மட்டும் காரணமாக இருக்க முடியாது. வரவில் எழுத வேண்டியதைச் செலவில் எழுதினாலோ, அல்லது மறுபக்கமாக எழுதினாலோ, வித்தியாசம் அந்தத் தொகையைப்போல் இரண்டு மடங்காகும். அப்படியானால் 120 என்ற பதிவு எங்காவது இருக்கிறதா என்று பார்க்கலாம்.

ஆனால் புத்தகத்தில் கூடுதல், வங்கியில் குறைவு என்றால் என் கண் முதலில் போவது வங்கி தானாகப் பிடித்துக்கொண்ட கட்டணத்துக்கு.

மணிப்புறா | மார்ச் 3

பேரேடு ஐயா எழுதியதைக் காட்டுவதற்கு முன்பே அவர் கண்டுபிடித்துவிட்டார்! அறிக்கையின் கடைசிக்கு முந்தைய வரி, சேவைக் கட்டணம் 240. அது அறிக்கை வந்தால்தான் நமக்கே தெரியும். புத்தகத்தில் பதிவு போட்டார், 79,000-மும் 79,000-மும் பொருந்திவிட்டன. தொலைபேசியில் அவர் குரலைக் கேட்க வேண்டுமே! எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

சில்லறை ரொக்கத்தை அவர் எண்ணினார், நான் எண்ணினேன், 1,860. பயன்படுத்தாத காசோலைத் தாள்களை முதல் எண்ணிலிருந்து கடைசி எண்வரை எழுதிக்கொண்டோம். ரசீதுப் புத்தகங்களில் முடிந்தது, பாதியில் இருப்பது, தொடாதது என்று பிரித்தோம். ரத்தான ரசீது ஒன்றில் உறுப்பினருக்குப் போக வேண்டிய தாளும் அடிக்கட்டையோடு ஒட்டியே இருக்கிறதா என்று அவர் தானாகவே திருப்பிப் பார்த்தார். நான் சொல்லித்தரவில்லை. இவர் பொறுப்பாக இருப்பார் என்ற நம்பிக்கை எனக்கு அப்போது வந்தது.

புதுப்பொறுப்பு | மார்ச் 4

படிக்கும்போதே பொறாமையாக இருக்கிறது. எனக்கு இப்படி ஒருவர் ஒரு மாலை உட்கார்ந்திருந்தால் போதும்.

ஒரு கேள்வி. மார்ச் 1-இலிருந்து பொதுக்கூட்டம்வரை வரும் வரவு செலவு யாருடையது? எங்களிடம் குழப்பம் வந்ததே இந்த இடைக்காலத்தில்தான்.

மணிப்புறா | மார்ச் 4

புதிய பக்கத்தில் அவர் எழுதுகிறார், நான் ஒவ்வொரு வரிக்கும் சுருக்கொப்பம் போடுகிறேன். இதுவரை மூன்று பதிவுதான். பொதுக்கூட்டத்தன்று அந்தப் பக்கத்தின் அடியில் கோடு போட்டு இருவரும் கையெழுத்துப் போடுவோம்.

பேரேடு | மார்ச் 4

நல்ல ஏற்பாடு. இணைய வங்கியைப் பற்றி ஒன்று. புதியவர் எண்ணைப் பதிவு செய்து, ஓடிபி அவருக்கு வருகிறதா என்று ஒருமுறை பார்த்த பிறகுதான் உங்கள் எண்ணை எடுக்க வேண்டும். மின்னஞ்சலிலும் அப்படித்தான், மீட்பு எண்ணையும் மீட்பு முகவரியையும் சேர்த்து. கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கோப்பில் வைக்காதீர்கள், அவர் உங்கள் முன்னாலேயே புதிதாக ஒன்றை அமைத்துக்கொள்ளட்டும். அது உங்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் இருவருக்கும் நல்லது.

செயல்வீரன் | மார்ச் 5

எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் பட்டியல், வவுச்சர், எல்லாம். நாளைக்கு யாராவது ஏதாவது சொன்னால் ஆதாரம் வேண்டும்.

பேரேடு | மார்ச் 5

கையெழுத்தான ஒப்படைப்புத் தாள், வங்கி ஒப்பீடு, தணிக்கையான ஆண்டுக் கணக்குகள், இவற்றின் நகல் வைத்துக்கொள்ளலாம். உறுப்பினர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அவர்கள் சங்கத்துக்குக் கொடுத்தவை. பொறுப்பை விட்ட பிறகு அது உங்கள் வீட்டுக் கணினியில் இருக்கக் கூடாது.

செயல்வீரன் | மார்ச் 5

வவுச்சர் நகல் விஷயத்தில் நான் இன்னும் என் கட்சிதான். அசல் தொலைந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? முகவரிப் பட்டியலைப் பற்றிச் சொன்னது சரி, அதை அழித்துவிடலாம்.

மணிப்புறா | மார்ச் 11

கணக்கெல்லாம் முடிந்தும் நன்றியுரைதான் இன்னும் கைக்கு வரவில்லை. முதலில் எழுதியதில் இருபது பேர் பெயர் இருந்தது. யாரையாவது விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் சேர்த்துக்கொண்டே போனேன். வாசித்துப் பார்த்தால் வருகைப் பதிவேடுபோல் இருக்கிறது. பெயரே இல்லாமல் "அனைவருக்கும் நன்றி" என்று எழுதினால் அதில் நெஞ்சு இல்லை.

இப்போது வேறு மாதிரி எழுதியிருக்கிறேன். ஆளைச் சொல்வதற்குப் பதில் அவர்கள் செய்ததைச் சொல்வது. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் கேட்காமலே பில்லைத் தேதி போட்டு உறையில் வைத்துத் தருவார் ஒருவர். சந்தா கேட்டுப் போனால் முகம் சுளிக்காமல் உட்காரவைத்துப் பேசும் வீடுகள் இருக்கின்றன. ஓர் ஆண்டு இருப்பு அடிமட்டத்துக்குப் போனபோது, அதைக் கூட்டத்தில் நான் சொல்லி முடிப்பதற்குள் "அடுத்த மாதச் சந்தாவை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். அவர் பின்னால் இன்னும் பலர் வந்தார்கள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பலம் கிடைத்தது என்று அவர்களிடம் நான் ஒருபோதும் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் இந்த ஐந்து நிமிடம்.

புதுப்பொறுப்பு | மார்ச் 11

இப்படியே பேசுங்கள். யாருக்குச் சொல்கிறீர்கள் என்று அவரவருக்குத் தெரியும்.

மணிப்புறா | மார்ச் 17

பொதுக்கூட்டம் முடிந்தது. தீர்மானம் நிறைவேறியது. ஒப்படைப்புத் தாளைச் செயலாளர் சபையிலேயே வாசித்தார்: மொத்த இருப்பு, அதில் நூலுக்கான 15,000, முன்கூட்டி வந்த சந்தா, வரவேண்டிய ஒலிபெருக்கி பில். நூலுக்குப் பணம் கொடுத்தவர் அந்த வரியைக் கேட்டதும் தலையசைத்தார். பேசும்போது எனக்குக் குரல் கம்மியது, ஆனால் எழுதியதை முழுதும் சொல்லிவிட்டேன்.

இப்போது புதிய கேள்வி. புதிய செயற்குழுவில் சாதாரண உறுப்பினராகவாவது இருங்கள், புதியவருக்குத் துணையாக இருக்கும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பேரேடு | மார்ச் 17

இருங்கள். ஓராண்டு சுழற்சியை அவர் ஒருமுறை பார்த்து முடிக்கும்வரை அனுபவமுள்ளவர் அறையில் இருப்பது சங்கத்துக்கு நல்லது. ஆண்டுக் கணக்கு முடிப்பு ஓராண்டுக்கு ஒருமுறைதான் வரும், அதை பிப்ரவரியில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க முடியாது.

புதுப்பொறுப்பு | மார்ச் 18

நான் இருக்க வேண்டாம் என்பேன். என் முன்னவர் செயற்குழுவில் தொடர்ந்தார். பணம் பற்றிய கேள்வி எழுந்தால் எல்லோருடைய கண்ணும் அவர் பக்கம்தான் திரும்பும், நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே. அவர் ஒன்றும் சொல்லமாட்டார், பாவம். ஆனாலும் அந்தப் பார்வை ஓயவே இல்லை. தொலைபேசியில் கேட்டால் பதில் சொல்பவராக இருந்தால் போதும். அதற்கும் ஒரு கெடு வையுங்கள்.

மணிப்புறா | மார்ச் 19

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த ஆண்டு செயற்குழுவில் சேராமல் இருக்கலாம் என்று தோன்றுகிறது. புதியவரிடமே கேட்டேன். ஜூன்வரை எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவேன், அப்புறம் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது ஒரு மாலை வந்து உட்காருங்கள் என்றார். அது இருவருக்கும் ஒத்துவருகிறது. ஆனால் செயற்குழுவில் சிலருக்கு இன்னும் மனக்குறைதான்.

மணிப்புறா | ஏப்ரல் 4

வங்கியில் மாற்றம் நடந்துவிட்டது. ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். தலைவரின் கையெழுத்து அவர்களிடம் இருந்த பழைய மாதிரியோடு பொருந்தவில்லை. அவர் நேரில் போய்ப் புது மாதிரி கொடுத்த பிறகு ஏற்றுக்கொண்டார்கள். என் எண்ணுக்கு இனி எந்தச் செய்தியும் வராது.

ஒரு சின்ன பாக்கி. அச்சகத்துக்குக் கொடுத்த 2,100 காசோலை இன்றுவரை வங்கிக்கு வரவில்லை. மண்டபக் காசோலை எப்போதோ போய்விட்டது. புதியவர் என்னைக் கேட்கிறார், என்ன செய்ய?

பேரேடு | ஏப்ரல் 4

முதலில் அச்சகத்தைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். கல்லாவில் மறந்து வைத்திருப்பார்கள், பெரும்பாலும் அதுதான். காசோலைக்குச் செல்லுபடிக் காலம் உண்டு, அது தாண்டாமல் இருந்தால் போட்டுவிடச் சொல்லலாம். உங்கள் கையெழுத்து இருப்பதால், பழைய கையெழுத்தாளர் போட்ட காசோலையை ஏற்பார்களா என்று வங்கியிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். தொலைந்துவிட்டது என்றால் அந்த எண்ணுக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்து, அது பதிவானதும் புதியவர் கையெழுத்தில் வேறு காசோலை கொடுக்க வேண்டும். பழையதை நிறுத்தாமல் புதியதைக் கொடுக்க வேண்டாம், இரண்டும் போய்விடும். புத்தகத்தில் பழைய பதிவை அடித்துவிடாமல், அந்தக் காசோலை ரத்து என்று வரவில் ஒரு பதிவு, புதிய காசோலைக்குச் செலவில் ஒரு பதிவு.

மணிப்புறா | ஏப்ரல் 6

கல்லாவில்தான் இருந்தது. வங்கியிலும் கேட்டுவிட்டார், விலகுவதற்கு முன் தேதியிட்ட காசோலை என்பதால் ஏற்றுக்கொள்கிறோம் என்றார்களாம். இன்று போட்டிருக்கிறார்கள். ஏப்ரல் மாத ஒப்பீட்டில் அந்த வரியை அவரே அடித்துவிடுவார்.